ஒரே வருடத்தில் மங்கிப்போகும் சோலார் தோட்ட விளக்கு: கோளாறு எங்கே, நாம் செய்யும் தவறுகள் என்ன

போன கார்த்திகைக்கு முன்னால் மாடித் தோட்டத்துக்கு ஆறு சோலார் விளக்கு வாங்கினேன். தொட்டி மண்ணில் குத்தி வைக்கிற, தலையில் சின்ன பேனல் உள்ள ரகம். முதல் சில மாதங்கள் விடியும்வரை எரிந்தன. அடுத்த கார்த்திகை வந்தபோது இரண்டு மட்டும் ஒழுங்காக இருந்தன. மூன்று, இரவு பதினொரு மணிக்குள் அணைந்தன. ஒன்று மின்மினிப் பூச்சிபோல மினுங்கியது. "எல்இடி போயிடுச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் வீட்டில். அப்படித்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். முதல் தவறு அதுதான். இந்த விளக்கில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது எல்இடி.

உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். மேலே சுமார் 2 வோல்ட் தரும் பேனல், அதன் அடியில் 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல் ஒன்று, விரல்நுனி அளவு சர்க்யூட், கீழே எல்இடி. வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். செல்லிடம் இருப்பது 1.2தான். இந்த இடைவெளியை நிரப்புவது சர்க்யூட்டில் உள்ள நான்கு கால் ஐசியும், காயில் என்கிற ஒரு சின்ன கம்பிச்சுருளும். காயில் வழியாக மின்னோட்டத்தை வேகமாக விட்டு விட்டு அனுப்பி, ஐசி வோல்ட்டேஜை ஏற்றிக்கொடுக்கிறது. இருட்டிவிட்டதா என்று சொல்வதும் பேனல்தான், தனி சென்சார் கிடையாது. அதனால் தெருவிளக்கு நேராக விழும் இடத்தில் வைத்தால் "இன்னும் பொழுது சாயவில்லை" என்று விளக்கு எரியாமல் இருந்துவிடும். அது பழுதல்ல. இடத்தை மாற்றினால் போதும்.

இனி மங்கிய விளக்குக்கு வருவோம். கையில் மீட்டர் இல்லாமலே பாதி உண்மையைக் கண்டுபிடிக்கலாம். நன்றாக எரியும் விளக்கின் செல்லையும் மங்கிய விளக்கின் செல்லையும் மாற்றிப் போடுங்கள். எது எதிலிருந்து வந்தது என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு இரவில் பாருங்கள். கோளாறு செல்லோடு சேர்ந்து இடம் மாறினால் செல்தான் காரணம். பழைய விளக்கிலேயே தங்கிவிட்டால் பேனல், துரு, சர்க்யூட் இவற்றில் ஒன்று. என் நான்கில் இரண்டுக்குச் செல், ஒன்றுக்கு பேனல், மினுங்கிய அந்த ஒன்றுக்குத் துரு.

செல் ஏன் வருடத்தில் சாகிறது? இதில் இருப்பது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், விலை குறைந்த விளக்கென்றால் அதன் கொள்ளளவு 200 அல்லது 300 எம்ஏஎச். இந்த வகை செல்லுக்கு நல்ல சூழலில் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கும் ஆயுள் உண்டு. இங்கே அது ஒவ்வொரு இரவும் அடிவரை காலியாகிறது, வருடத்தில் 365 முறை. மழைக்காலத்தில் அரைகுறையாக ஏறி, முழுதாக இறங்குகிறது. இதற்குமேல் சூடு. சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் தலைக்குள், சூடான பேனலுக்கு ஒட்டினாற்போல் செல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வகை செல் 45 டிகிரிக்கு மேல் சார்ஜை ஒழுங்காக ஏற்காது. ஏற்காத மின்சாரம் இன்னும் சூடாக மாறும், உள்ளிருக்கும் திரவம் மெல்ல வற்றும். வெயில் அதிகம் என்றால் சார்ஜும் அதிகம் என்று நினைக்கிறோம். செல்லுக்கு அது பாதி உண்மைதான்.

செல்லை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் பெரிய தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

அளவு ஒன்றுதானே என்று, கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண பென்சில் செல்லைப் போடுகிறோம். முதல் இரவு பழையதைவிடப் பிரகாசமாகவே எரியும், 1.5 வோல்ட் அல்லவா. மறுநாள் காலை பேனல் அதற்குள் சார்ஜை ஏற்றப் பார்க்கும். ரீசார்ஜ் செய்யத் தகாத செல் அதைத் தாங்காது. சில வாரங்களில் கசிந்து, ஸ்பிரிங்கையும் அதையடுத்த சர்க்யூட்டையும் அரித்துவிடும். திறந்து பார்த்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதற்கப்புறம் நல்ல செல் போட்டாலும் எரியாது.

அடுத்தது, அதே பென்சில் அளவில் கிடைக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல். இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 2 வோல்ட் பேனலால் அதை ஒருநாளும் சார்ஜ் செய்ய முடியாது, அதன் வோல்ட்டேஜ் காயில் வழியாக நேரே எல்இடியில் பாய்ந்து அதைக் கருக்கவும் செய்யலாம். கொஞ்சம் பெரிய விளக்குகளில் லித்தியமே இருக்கும். அங்கேயும் 3.2 வோல்ட், 3.7 வோல்ட் என்று இரண்டு வகை. 3.7 வோல்ட் செல்லுக்கான சர்க்யூட் 4.2 வோல்ட் வரை ஏற்றும். 3.2 வோல்ட் செல் தாங்குவது ஏறக்குறைய 3.65 வரைதான். ஆகவே பழைய செல்லின் மேலே என்ன அச்சிட்டிருக்கிறதோ அதே வோல்ட், அதே வகை. இதில் மட்டும் சாமர்த்தியம் வேண்டாம்.

மூன்றாவது தவறு ஆசையால் வருவது. 300 இருந்த இடத்தில் 2500 எம்ஏஎச் போட்டால் எட்டு மடங்கு எரியும் என்ற கணக்கு. என் விளக்கையே எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது உச்சி வெயிலில் பேனல் 60 மில்லி ஆம்பியர் கொடுத்தது. காலை, மாலை இளவெயிலையும் சேர்த்துச் சுருக்கினால் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேர உச்சி வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். 60 பெருக்கல் 5, ஆக 300 எம்ஏஎச். சார்ஜ் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போகும் என்றால் கையில் மிஞ்சுவது 200. எல்இடிக்காகச் சர்க்யூட் செல்லிடமிருந்து இழுப்பது 20 மில்லி ஆம்பியர் அளவு. பத்து மணி நேரம் எரியும். குடத்தைப் பெரிதாக்கினால் குழாயில் வரும் தண்ணீர் கூடுமா? பிரகாசத்தையும் காயில்தான் தீர்மானிக்கிறது, செல்லின் கொள்ளளவு அல்ல. அதோடு மிகப் பெரிய கொள்ளளவு உள்ள சில செல்கள் சும்மா இருக்கும்போதே சார்ஜைக் கணிசமாக இழந்துவிடும், கிடைக்கிற கொஞ்சமும் அதில் போகும். 600 முதல் 800 எம்ஏஎச் வரை, நாள்பட வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெயில் கூடிய நாளில் ஏறும் சார்ஜ் வீணாகாமல் தங்க அந்தக் கூடுதல் இடம் உதவும்.

சரி, செல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சீக்கிரம் அணைகிறது. அப்போது பேனலைப் பாருங்கள். இங்கே மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களே ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். வெயிலில் வைத்து வோல்ட்டேஜ் பார்த்தேன்: நல்ல விளக்கில் 2.3, மங்கியதில் 2.2. பேனல் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டி இரண்டு நாள் வேறெங்கோ தேடினேன். சோலார் பேனலில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் வோல்ட்டேஜ் லேசாகத்தான் இறங்கும். இறங்குவது மின்னோட்டம். செல்லைக் கழற்றிவிட்டு, மீட்டரை டிசி ஆம்பியரில் வைத்து, பேனலின் இரண்டு வயரையும் நேராகத் தொட்டுப் பார்த்தபோது நல்லது 60 காட்டியது, மற்றது 28. இவ்வளவு சின்ன பேனலை ஷார்ட் செய்து அளப்பதால் ஒன்றும் ஆகாது, செல்லை மட்டும் அப்படித் தொட்டுவிடாதீர்கள். மேலே போட்ட அதே கணக்கில் 28 என்றால் நான்கரை மணி நேரம்தான். ஆறரைக்கு எரியத் தொடங்கியது பதினொரு மணிக்கு அணைந்தது ஏன் என்று புரிந்தது.

பேனல் உண்மையில் கெடவில்லை. உள்ளே இருக்கும் சிலிக்கான் பல வருடம் தாங்கும். அதன்மேல் ஊற்றியிருக்கும் எபாக்சி பூச்சுதான் வெயிலின் புறஊதாக் கதிரில் மஞ்சளாகி, கண்புரை விழுந்த கண்போல வெளுத்துவிடுகிறது. மேலே கண்ணாடி வைத்த பேனலில் இந்தத் தொல்லை இல்லை, வாங்கும்போது நகத்தால் தட்டிப் பார்த்தாலே தெரியும். வெளுத்ததை மீட்கலாம். 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, அப்புறம் 1500, 2000 என்று போய், துடைத்துக் காயவைத்து, நிறமில்லாத லாக்கர் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு முறை அடித்தேன். 28 இருந்தது 49 ஆனது. சிலர் நகப்பூச்சு அடிப்பார்கள், அது வெயிலில் நாள்பட நிற்காது.

தேய்ப்பதற்கு முன் வெறும் அழுக்கா என்று பாருங்கள். போர் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சும் வீடுகளில் பேனல்மேல் உப்புக் கறை படிந்து, வெளுத்துப் போனது மாதிரியே தெரியும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். இன்னொன்று, இந்த பேனல் ஒரே துண்டாகத் தெரிந்தாலும், அரை வோல்ட் வீதம் நான்கு துண்டுகளைச் சங்கிலிபோல் கோத்தது. ஒரு துண்டின்மேல் காக்கை எச்சம் விழுந்தால் கால்வாசி நஷ்டம் என்று நினைக்காதீர்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் நான்குக்கும் ஓட்டம் குறையும். செடியின் ஒற்றை இலை நிழலும் அப்படித்தான்.

மினுங்கிய விளக்கைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்கத் துரு. காயில் விட்டு விட்டு இழுக்கும் மின்னோட்டம் அந்தத் துருவைத் தாண்டும்போதே, இருக்கும் 1.2 வோல்ட்டில் ஒரு பகுதி போய்விடுகிறது. உப்புத்தாளால் சுரண்டி, துளி வாசலின் தடவி, மூடியின் ரப்பர் வளையத்தை நேராக்கிப் பொருத்தினேன். அன்றிரவே பழைய வெளிச்சம் வந்தது.

எல்இடியும் கெடும், இல்லையென்று சொல்லவில்லை. வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது, மலிவானவற்றில் பூச்சும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும் காலப்போக்கில் பழுதாகும். ஆனால் 5 மில்லி ஆம்பியர்போலக் குறைந்த ஓட்டத்தில் அதற்கு நாளாகும். நிரம்பிய செல், சுத்தமான ஸ்பிரிங், பேனலைக் கையால் மூடியாயிற்று, அப்படியும் மங்கல் என்றால் மட்டும் எல்இடியை மாற்றுங்கள், நீளக் கால் பிளஸ். என் ஆறில் இதுவரை ஒன்றைக்கூட மாற்றவில்லை.