பழைய போட்டோ எந்த ஊர்?

அப்பாவின் பழைய போட்டோ ஒன்றில் பின்னால் டீக்கடை, பாறைக் குன்று, 'தர்மபுரி' பலகையோடு பேருந்து. தர்மபுரிதான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். ஆனால் பேருந்துப் பலகை போகும் ஊரைச் சொல்லும், நிற்கும் ஊரை அல்ல. குன்றும் உதவாது; இந்தப் பக்கம் எங்கும் அதேதான்.

கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'தர்மபுரி மாவட்டம்' என்று இருந்தது. சரி, முடிந்தது என்று நினைக்காதீர்கள்! 2004 வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டம்தான். கீழே தொலைபேசி எண் 04343 என்று தொடங்கியது. அது கிருஷ்ணகிரியின் எண். தர்மபுரிக்கு 04342, ஓசூருக்கு 04344.

ஆனாலும் காவேரிப்பட்டணத்துக்கும் 04343தான். அதனால் போட்டோவின் பின்னால் 'கிருஷ்ணகிரிப் பக்கம்?' என்று கேள்விக்குறியோடு பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.