ஒரே குழந்தை, இரண்டு ஜாதகம்: ராகு மீனத்திலா, மேஷத்திலா?

போன மாதம் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் இரண்டு ஜாதகப் பிரதிகளோடு சேலத்துக்கு இறங்கி வந்தார். பேத்தியின் ஜாதகம். ஒன்று செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டரில் போட்டது, இன்னொன்று மகனின் போனில் எடுத்தது. "ஏனுங்க, ஒண்ணுல ராகு ஆறுல இருக்குது, ஒண்ணுல ஏழுல இருக்குது. பொம்பளப் புள்ளைங்க. எதுங்க சரி?" என்றார்.

பிறப்பு 2023 நவம்பர் 15, காலை 5:30, சேலம். துலா லக்னம். ஒரு பிரதியில் ராகு மீனம் 29°11', கேது கன்னி. மற்றதில் ராகு மேஷம் 0°33', கேது துலாம். வித்தியாசம் ஒன்றேகால் பாகைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் நடுவில் ராசி எல்லை விழுந்துவிட்டது. முதல் கட்டத்தில் ராகு 6, கேது 12. இரண்டாவதில் ராகு 7, கேது லக்னத்தில், அதாவது பொருத்தம் பார்க்கிறவர்கள் சர்ப்ப தோஷம் என்று எழுதிவிடும் இடம். அவருடைய பயம் புரிகிறதல்லவா? இதையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

படி 1: மற்ற கிரகங்களை முதலில் பாருங்கள்

ராகுவை விட்டுவிட்டு சூரியன், செவ்வாய், குரு, சனி நான்கின் பாகை கலையை இரண்டு பிரதியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எல்லாமே ஒரே அளவு தள்ளியிருந்தால் கோளாறு அயனாம்சத்தில், அதாவது ராசி சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்ற கணக்கில். லாஹிரிக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் சுமார் 1°27' வித்தியாசம் உண்டு. இதுவும் ஏறக்குறைய நம் வித்தியாசத்தின் அளவே என்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த நான்கும் கலை சுத்தமாக ஒத்துப்போய், ராகுவும் கேதுவும் மட்டும் சேர்ந்து நகர்ந்திருந்தால் அது ராகு கணக்கு முறை. மேஸ்திரி கொண்டுவந்ததில் அப்படித்தான் இருந்தது.

"ஊரு மாத்திப் போட்டதால இருக்குமுங்களா, ஒண்ணுல ஏற்காடுன்னு இருக்குது" என்று கேட்டார். ஊரால் லக்னம் நாலைந்து கலை நகரலாம். ராகு ஒரு நாள் முழுக்கவே மூன்று கலைதான் நகர்கிறது, அதற்குச் சேலமும் ஏற்காடும் ஒன்றுதான். பிறந்த நேரம் ஒரு மணி தப்பினால்கூட ராகுவில் எட்டு விகலைதான் மாறும்.

படி 2: இரண்டு ராகு எப்படி வந்தது

சந்திரனின் பாதை சூரியன் போகும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்தான் ராகு, கேது. இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ராசி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றைச் சமமாக வகுத்து, நாளுக்கு 3 கலை 11 விகலை என்று ஒரே வேகத்தில் ஓடவிட்டால் கிடைப்பது மத்திம ராகு. மென்பொருளில் `Mean Node`. சூரிய சித்தாந்தம் ராகுவுக்குக் கொடுப்பதும் இந்தச் சீரான ஓட்டத்தையே.

ஆனால் சந்திரனின் பாதையைச் சூரியன் இழுத்துக்கொண்டே இருப்பதால் வெட்டுப்புள்ளி சீராக நகராது. மத்திம ராகுவுக்கு முன்னும் பின்னும் சுமார் ஒன்றரை பாகை ஊசலாடும். ஓர் ஊசல் முடிய ஏறக்குறைய 173 நாள். இந்த ஊசலையும் சேர்த்துக் கணக்கிட்டது ஸ்புட ராகு, மென்பொருளில் `True Node`. 'ட்ரூ' என்ற பெயரைப் பார்த்து மற்றது பொய் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தந்த நிமிடத்துச் சந்திரப் பாதையை நீட்டினால் எங்கே வெட்டும் என்பதுதான் அது. சந்திரன் நிஜமாகவே அந்த இடத்தைக் கடப்பது மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும்.

படி 3: கையால் சரிபார்ப்பது

ஊசலின் பெரும்பகுதி ஒரே ஒரு வரியில் அடங்கிவிடும். கால்குலேட்டர் போதும்:

```
ஸ்புட ராகு ≈ மத்திம ராகு + 1.5° × sin(2 × (சூரியன் − ராகு))
```

அன்று சூரியன் துலாம் 28°10', மேஷத்திலிருந்து எண்ணினால் 208°10'. மத்திம ராகு 359°11'. கழித்தால் எதிர்மறை வருகிறது, 360 கூட்டுங்கள்: 208°59'. இரட்டிப்பு 417°58', அதில் 360 போனால் 57°58'. அதன் சைன் 0.848. ஒன்றரையால் பெருக்கினால் 1.27 பாகை, அதாவது 1°16'. மீனம் 29°11' உடன் கூட்டினால் மேஷம் 0°27'. பிரதியில் 0°33' இருந்தது. மீதி ஆறு கலை, நாம் விட்டுவிட்ட சின்னத் திருத்தங்கள். ஆக இரண்டு மென்பொருளும் தப்பு செய்யவில்லை.

இந்த வரியே இன்னொன்றையும் சொல்கிறது. சூரியன் ராகுவோடோ கேதுவோடோ சேரும்போது திருத்தம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதனால் கிரகண நாளையொட்டிப் பிறந்த ஜாதகத்தில் இந்தச் சண்டை பெரும்பாலும் எழாது. சூரியன் 45 பாகை தள்ளி நிற்கும்போதுதான் அதிகம்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் சுவிஸ் எஃபெமெரிஸின் `swetest` கொண்டு இரண்டையும் ஒன்றாகவே எடுக்கலாம். காலை 5:30 என்பது உலக நேரப்படி 00:00. `m` மத்திமம், `t` ஸ்புடம், `-sid1` லாஹிரி:

```
swetest -b15.11.2023 -ut00:00 -p0mt -sid1 -fPZ -emos
```

படி 4: எது மாறும், எது மாறாது

தசா புத்தி மாறாது, அது சந்திரனின் நட்சத்திரத்தை வைத்து. மாறுவது ராகு கேதுவின் பாதசாரமும் நவாம்சமும், எல்லையில் இருந்தால் ராசியும். இங்கே ரேவதி 4 அசுவினி 1 ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் ராகு வர்க்கோத்தமம்தான், அதாவது ராசியிலும் நவாம்சத்திலும் ஒரே வீடு.

எதை எடுப்பது? நான் மத்திம ராகுவை எடுக்கிறேன். காரணம், 2023 அக்டோபர் 30 ராகு கேது பெயர்ச்சி என்று திருக்கணிதக்காரர்கள் சொன்னது மத்திமக் கணக்கில். ஸ்புடத்தில் அது நவம்பர் கடைசியில்தான் நடந்தது. பெயர்ச்சியை ஒரு கணக்கிலும் பிறப்பு ஜாதகத்தை இன்னொரு கணக்கிலும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. வாக்கியத்தில் அந்தப் பெயர்ச்சி அக்டோபர் 8-லேயே வந்துவிட்டதால் அந்த வழியிலும் இந்தக் குழந்தைக்கு ராகு மீனம்தான். ஸ்புடத்தை எடுப்பவர்களோடு நான் வழக்காட மாட்டேன். ஆனால் பொருத்தம் பார்க்கும்போது பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே முறையில் போட வேண்டும்.

படி 5: செட்டிங்கே இல்லாத ஆப் என்றால்

மென்பொருளின் கணக்கீட்டு அமைப்புகளில் `Mean` / `True` என்று தேர்வு இருந்தால் மாற்றிப் பாருங்கள். போன் ஆப்பில் பல நேரம் அது இருக்காது. அப்போது அதே நேரத்துக்கு பத்து நாள் தள்ளி இன்னொரு ஜாதகம் போடுங்கள். ராகு 31 அல்லது 32 கலை பின்னால் போயிருந்தால் மத்திமம். வேறு எதுவாக இருந்தாலும் ஸ்புடம். மேஸ்திரியின் போனில் நவம்பர் 25 போட்டபோது 16 கலைதான் நகர்ந்திருந்தது. வழக்கமாக ராகுவுக்கு வக்ரக் குறி போடும் மென்பொருளில் அந்தக் குறி இல்லாத ஜாதகம் கண்ணில் பட்டாலும் ஸ்புடம்தான், மத்திம ராகு ஒருநாளும் நேர்கதியில் போகாது.

அவர் இரண்டு பிரதியின் மூலையிலும் சிவப்புப் பேனாவால் ஒன்றில் 'மத்திமம்', ஒன்றில் 'ஸ்புடம்' என்று என்னையே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று கிளம்பினார்.