விலங்கு நடிப்பு விளையாட்டு: சீட்டில் ஆபத்தையும் எழுதுங்கள்

பேசாமல் நடித்துக் காட்டும் விளையாட்டுக்குச் சீட்டு எழுதும்போது ‘ஒட்டகம்’ என்று மட்டும் எழுதாமல், ‘ஒட்டகம், மணற்புயல் வருகிறது’ என்று எழுதுங்கள். வெறும் பெயர் என்றால் பிள்ளைகள் முதுகைக் கூனிக் காட்டுவார்கள், உடனே விடை வந்துவிடும். பாலைவனத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்ற பேச்சே எழாது. புயல் வந்தால் மூக்குத் துவாரத்தை மூடி, நீண்ட இமைமயிரால் கண்ணை மறைத்துக் காட்டியாக வேண்டும்.

காட்டுக்கு, ‘தேவாங்கு, காலடிச் சத்தம் கேட்கிறது’: அசையாமல் உறைந்து நிற்க வேண்டும். கடலுக்கு, பெரிய மீன் துரத்தும்போது தண்ணீரை விழுங்கி உப்பும் பேத்தை மீன். சின்னக் குழந்தைகளுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும்.

உடலுக்குள் நடப்பவற்றுக்கு இது சரிவராது. கடலாமை கண்ணீராக உப்பை வெளியேற்றுவதை நடித்தால், அழுகிறது என்றுதான் நினைப்பார்கள். அதை வாயால் சொல்லிக்கொடுங்கள்.