மெருகேற்றிய கடிதத்தில் சொன்ன சொல் மாறியிருக்கிறதா? சரிபார்க்கும் முறை

ஏஐ கருவியிடம் கடிதத்தைக் கொடுத்து நடையைச் சீராக்கச் சொன்னால், பொருளையும் அது சேர்த்தே தொட்டுவிடுவது உண்டு. வாசிக்கும்போது சரளமாக ஓடுவதால் கண்ணுக்கு எதுவும் தட்டாது. இந்த மாதிரியை வைத்துப் பார்ப்போம். மூலம் இது:

"வரைவு கிடைத்ததிலிருந்து 15 நாளில் 450 பிரதிகளை அனுப்ப முயல்வோம். 2 முறை வரை திருத்தங்களைக் கட்டணமின்றிச் செய்து தருவோம். மார்ச் 10-க்குள் 40 சதவீத முன்பணம் வந்தால் மட்டுமே வேலை தொடங்கும்."

மெருகேற்றியது இது:

"உங்கள் வரைவு கிடைத்த இரண்டே வாரங்களில் 450 பிரதிகளும் உங்களை வந்தடையும். தேவையான திருத்தங்களைக் கட்டணமின்றிச் செய்து தருவோம். மார்ச் 10-க்குள் 40 சதவீத முன்பணத்தை அனுப்பிவைத்தால் பணியைத் தொடங்க ஏதுவாக இருக்கும்."

முதல் வேலை, மூலத்தைக் கருவியில் ஒட்டுவதற்கு முன்பே old.txt என்று சேமித்துவிடுங்கள். திரும்பி வந்ததை new.txt என்று வையுங்கள். இரண்டும் UTF-8 ஆக இருக்கட்டும்.

அடுத்து எண்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். லினக்ஸ், மேக் டெர்மினலிலும் விண்டோஸில் கிட் பாஷிலும் இது ஓடும்:

```
grep -oE '[0-9]+([.,/:-][0-9]+)*' old.txt > a.txt
grep -oE '[0-9]+([.,/:-][0-9]+)*' new.txt > b.txt
diff a.txt b.txt
```

நம் மாதிரிக்கு வரும் விடை:

```
1d0
< 15
3d1
< 2
```

15 காணாமல் போய் "இரண்டே வாரங்கள்" ஆகியிருக்கிறது. அது 14 நாள். ஒரு நாள் போயிற்று. 2 என்ற எண் அடியோடு இல்லை, அதாவது இனி எத்தனை முறை கேட்டாலும் இலவசத் திருத்தம். எழுத்தில் எழுதிய எண்கள் இந்தச் சல்லடையில் சிக்காது என்பதால், மூலத்திலேயே எண்களை இலக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.

ஒப்பிடும்போது sort போடாதீர்கள். வரிசைப்படுத்திவிட்டால், 40 முன்பணம் 60 மீதி என்பது 60 முன்பணம் 40 மீதி என்று இடம் மாறினாலும் விடை சுத்தமாக வரும். கருவி பத்திகளையே இடம் மாற்றியிருந்தால் மட்டும் sort செய்யலாம். அப்போது ஒவ்வொரு எண்ணும் எதைச் சுட்டுகிறது என்று கையால் பார்த்தாக வேண்டும்.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் வாக்கின் பலம் வினைமுற்றிலும் ஒட்டுச்சொல்லிலும் இருக்கிறது; அங்கே எண்ணே கிடையாது. "அனுப்ப முயல்வோம்" என்பது முயற்சிக்கான வாக்கு. "வந்தடையும்" என்பது விளைவுக்கான உறுதி. போதாக்குறைக்கு, அனுப்பும் நாள் போய்ச் சேரும் நாளாகவும் மாறிவிட்டது. வழியில் தாமதமானாலும் பொறுப்பு உங்கள் தலையில். கடைசி வாக்கியத்தில் நேர்மாறு. "வந்தால் மட்டுமே" என்ற நிபந்தனை, "ஏதுவாக இருக்கும்" என்ற வேண்டுகோளாகக் கரைந்துவிட்டது. முன்பணம் வராவிட்டாலும் வேலை தொடங்கும் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. 40-உம் 10-உம் அப்படியே இருப்பதால் எண் சோதனை இதில் வாயே திறக்காது.

ஆகவே மூலத்தை அச்சிட்டு, எல்லா வினைமுற்றுகளையும் வட்டமிடுங்கள். கூடவே "மட்டும்", "வரை", "க்குள்", "சுமார்", "குறைந்தது", "இயன்றவரை", "ஆல்" போன்றவற்றையும். பிறகு ஒவ்வொன்றுக்கும் புதிய உரையில் இணை எது என்று தேடுங்கள். எப்போதும் மூலத்திலிருந்து புதியதற்குப் போங்கள். புதியதை மட்டும் வாசித்தால், விடுபட்டுப்போன "2 முறை வரை" உங்கள் கண்ணில் படவே படாது.

திரையில் பார்க்க விரும்பினால்:

```
git diff --no-index --word-diff old.txt new.txt
```

லிப்ரெஆபீஸ், வேர்ட் இரண்டிலும் ஆவணங்களை ஒப்பிடும் வசதி உண்டு. ஆனால் நடை நிறைய மாறியிருந்தால் பக்கம் முழுக்க வண்ணமாகிவிடும். அப்போது வட்டமிட்ட தாளே மேல். கருவியிடமே "ஏதாவது மாற்றினாயா?" என்று கேட்டு வரும் பதிலைச் சோதனையாகக் கொள்ளாதீர்கள். தான் மாற்றியதையே அது மாற்றவில்லை என்று சொல்லக்கூடும்.

பிசகிய வாக்கியம் கிடைத்தால் உங்கள் மூல வாக்கியத்தையே அங்கே ஒட்டுங்கள். மறுபடி முழுக் கடிதத்தையும் மெருகேற்றக் கொடுத்தால் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் முன்பு சரியாக இருந்த வாக்கியமும் இம்முறை மாறியிருக்கலாம்.

பின்சேர்க்கை: 1,50,000 என்பது 150,000 என்று மாறினால் diff அதையும் காட்டும், தொகை ஒன்றுதான், பயப்பட வேண்டாம். 03/04 என்பதை ஏப்ரல் 3 என்றோ மார்ச் 4 என்றோ கருவி விரித்து எழுதியிருந்தால், அது ஊகம். மூலத்திலேயே மாதத்தைப் பெயரால் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.