1865ஆம் ஆண்டுக் கதையில் கொழுந்துக் கூடை

கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில், 1865இல் நடக்கும், நான் திருத்திய நாவல். கைப்பிரதியில் ஒரு வரி: “சித்திரையில் பெண்கள் கொழுந்து பறித்தார்கள், கங்காணி ஐந்து ரூபா தருவதாகச் சொன்னார்.”

இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்கென ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்தராத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல்தான். அதற்கு முன் அங்கே கோப்பி. சரி, ‘கொழுந்து’ என்பதைக் ‘கோப்பிப்பழம்’ என்று மாற்றிவிட்டேன். அது போதவில்லை. தேயிலை வருடம் முழுக்கப் பறிக்கிற பயிர்; கோப்பியின் பெரும்போக அறுவடையோ வருடக் கடைசியில். சித்திரையை ஐப்பசியாக்கியதும் முந்தைய அத்தியாயத்தின் மாதமும் நகர்ந்தது. பழத்தை எடை போடாமல் புசல் என்ற கொள்ளளவுக் கணக்கில் அளந்ததால் மாலைத் தராசுக் காட்சியும் போயிற்று.

ரூபாவும் சதமும் இலங்கையின் அதிகாரபூர்வக் கணக்காக வந்தது 1872இல். அதுவரை கணக்கு பவுண், சிலிங், பென்ஸில்.

தேடும்போது முழுச் சொல்லைத் தட்டினால் ‘கொழுந்தை’, ‘கொழுந்தில்’ தப்பிவிடும். ‘கொழுந்’ என்று அடியை மட்டும் தேடி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் ‘கோப்பிப்பழம்தை’ மாதிரி அசிங்கம் முளைக்கும்.

தேடலில் சிக்காதது மனப்பாங்கு. நாயகி “நாங்கள் மலையக மக்கள்” என்கிறாள். அந்த அடையாளம் இருபதாம் நூற்றாண்டினது. கதை நடப்பதோ, அறுவடை முடிந்து பலர் இந்தியாவுக்குத் திரும்பிய காலம். “போகம் முடிஞ்சா ஊருக்குப் போயிரணும்” என்று திருத்தினேன்.