ஊருக்குப் போகும்போது அப்பாவின் வருமான வரிக் கணக்கையும் முடித்துவிடுங்கள்

ஜூன், ஜூலையில் வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறீர்களா? அப்பாவுக்குப் பென்ஷன், வங்கி வட்டி, மாடி வாடகை என்று மூன்று வருமானம் இருந்தால், ஜூலை 31க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். '75 வயசு தாண்டியாச்சு, தேவையில்லை' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்தச் சலுகை பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வருபவர்களுக்குத்தான், அதுவும் வேறு வருமானம் இல்லாவிட்டால். வாடகை வந்தாலே அது போச்சு.

முதலில், பென்ஷன் தொகையையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16. மாநில அரசுப் பென்ஷன் என்றால் கருவூலத்தில் கேளுங்கள், மத்திய அரசு என்றால் பெரும்பாலும் பென்ஷன் போடும் வங்கியில். அடுத்து, டெபாசிட் இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ். பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கூட்டினால் ஏமாந்து போவோம், ஏனென்றால் முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டுக்கு வருடா வருடம் சேரும் வட்டி அதில் வராது, ஆனால் வங்கி அதைத் துறைக்குச் சொல்லியிருக்கும். வரி பிடித்திருந்தால் படிவம் 16ஏ-யும் வாங்குங்கள். வாடகைக்கு, அந்த நிதியாண்டில் கட்டிய வீட்டு வரி ரசீது போதும். எல்லாம் கைக்கு வந்ததும் வருமான வரி இணையதளத்தில் அப்பாவின் பான் எண்ணில் நுழைந்து, துறையிடம் உள்ள பதிவுகளான 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டோடும் ஒத்துப் பாருங்கள். மறந்துபோன பழைய டெபாசிட் அங்கேதான் தலைகாட்டும்.

2025-26 நிதியாண்டுக்கு ஒரு கணக்கு. பென்ஷன் 5,04,000, புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 4,29,000. ஒரு வங்கியில் வட்டி 1,10,000 (லட்சத்தைத் தாண்டியதால் 11,000 பிடித்தாயிற்று), இன்னொன்றில் 25,000. மாதம் 8,000 வீதம் வாடகை 96,000, அதில் வீட்டு வரி 6,000 கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தள்ளினால் 63,000. வெள்ளையடித்த பில்லெல்லாம் தேட வேண்டாம், செலவே செய்யாவிட்டாலும் அந்த 30 உண்டு. மொத்தம் 6,27,000. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், அந்த 11,000 திரும்ப வரும். பழைய முறையில் மூத்தோருக்கான வட்டிக் கழிவு 50,000 எடுத்த பிறகும் சுமார் 31,600 கட்டியிருக்க வேண்டும். வரி இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட முடியாது, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மாடி வீடு உங்கள் பெயரில் இருந்தால் அந்த வாடகை உங்கள் வருமானம், அப்பாவின் கணக்கில் போடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவர் ஐடிஆர்-1 என்ற எளிய தாக்கல் படிவத்தைப் போடவும் முடியாது. அப்பாவுக்கு வாடகை தரும் வீடு ஒன்றுதான் என்றால் அந்தப் படிவமே போதும்.

அனுப்பிய பின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்துவிடுங்கள், உறுதி செய்யாத தாக்கல் செல்லாது. ஓடிபி ஆதாரோடு இணைத்த போனுக்குத்தான் வரும், அது பழைய நம்பராக இருந்தால் வந்த முதல் வாரமே ஆதார் மையத்துக்கு அழைத்துப்போய் மாற்றிவிடுங்கள். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கையும் அதே இணையதளத்தில் சரிபார்த்து வைத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.