ஆன்லைன் எடிட்டுக்கு முன்னால் ஒரு அப்லோடு

ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட்டில், மெஷின்களை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலரின் புரோகிராமைத் தொடும் முன் லேப்டாப்பில் இருக்கும் ஃபைலை நம்பாதீர்கள். முதலில் கன்ட்ரோலரிலிருந்து அப்லோடு செய்து, தேதி போட்டுச் சேமித்து, பழைய காப்பியோடு கம்பேர் செய்யுங்கள். எங்கள் லைனில் நைட் ஷிப்டில் ஒருவர் கன்வேயரில் பொருள் சிக்கியதா என்று பார்க்கும் ஜாம் டைமரை 5 விநாடியிலிருந்து 8 ஆக்கியிருந்தார், அது யார் ஃபைலிலும் இல்லை. அடுத்த வாரம் பழைய ஃபைலை டவுன்லோடு செய்ததும் டைமர் 5-க்கே திரும்பி, ஜாமே இல்லாமல் லைன் நின்று நின்று போனது.

அப்புறம், ராக்வெல் பிஎல்சிக்கான `Studio 5000` சாஃப்ட்வேரில் எடிட்டை உடனே `Assemble` செய்து நிரந்தரமாக்காமல் `Test`-இல் ஓட விடுங்கள், சரிவரவில்லை என்றால் `Untest` பழைய லாஜிக்கைத் தந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மோட்டார் ஓடும்போது, அதன் அவுட்புட் பிட்டை ஆன் செய்யும் `OTE` இருக்கும் லாஜிக் வரியை, அதாவது ரங்கை, அழித்தால் அந்த பிட் 1-லேயே நின்றுவிடும், மோட்டார் நிற்காது. அழிக்கும் முன் அவுட்புட் ஆஃப் ஆகிவிட்டதா பாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி ஓர் அப்லோடு, என்ன மாற்றினீர்கள், ஏன் என்று ஒரு வரியோடு.